[கலைச்சொல்] கிளியரன்ஸ் சர்ச்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் பொருள் விற்கத் தொடங்குவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழாம் பாடத்தில் நின்றுவிட்டேன்.

ஒருவர் தொழிற்சாலையிலிருந்து பெயரில்லாத பொருளை வாங்கி, தான் வைத்த பெயரைப் போட்டு விற்கப் போகிறார். பெயரை அச்சிடுவதற்கு முன்னால், அதுவோ அதைப் போன்றதோ வேறு யாருக்காவது வணிகக்குறியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மூலத்தில் இதற்கு இரண்டு படிகள். அப்பட்டமாக அடிபடும் பெயர்களை முதலிலேயே தள்ளுவது நாக்-அவுட் சர்ச். மிஞ்சியதை ஆழமாகப் பார்ப்பது கிளியரன்ஸ் சர்ச். இரண்டையும் ‘தேடல்’ என்றே எழுதினால் படிப்பவர் முதல் படியோடு எழுந்து போய்விடுவார்.

இப்போதைக்கு ‘தடைநீக்கத் தேடல்’ என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. பிரைவேட் லேபிளுக்கு ‘தன்பெயர்ப் பொருள்’ என்று வைத்துவிட்டேன்; அதில் மாற்றுக் கருத்து இருந்தால் தனி இழையில் பேசலாம்.

இளவழகன் எழுதியது:

அம்மா, சிக்கல் ‘தேடல்’ என்ற சொல்லில் இல்லை, ‘வணிகக்குறி’யில் இருக்கிறது. சரக்கின்மேல் இடும் அடையாளத்துக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு: பொறி. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மூட்டைகளின்மேல் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ அனுப்பினார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. பொறித்தல் என்றால் அழியாதபடி பதித்தல். ‘குறி’ வெறும் சுட்டு. ஆகவே ‘வணிகப்பொறி’, அதை ஆராய்வது ‘பொறியாய்வு’. சுருக்கமாகவும் இருக்கிறது.

சாதிக் எழுதியது:

இளவழகன் ஐயா, அந்த வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் புலி அரசனுடையது. சுங்கத்தில் பார்த்து அனுப்பிய மூட்டை என்று அது சொல்கிறது. எந்த வணிகனின் சரக்கு என்று சொல்லவில்லை. வணிகக்குறியின் வேலை அந்த இரண்டாவதுதான். மேலும் ‘பொறியாய்வு’ என்றால் இன்றைக்கு எந்திரத்தைச் சோதிப்பதாகத்தான் படிப்பார்கள்.

தேன்மொழி, ‘தடைநீக்கம்’ வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளாக வணிகக்குறி விண்ணப்பங்களோடு வேலை செய்கிறேன். இந்தத் தேடல் எந்தத் தடையையும் நீக்குவதில்லை. தடை இருக்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். ‘நீக்கம்’ என்று எழுதினால் படிப்பவர் அனுமதி கிடைத்துவிட்டதாக நம்பி, பத்தாயிரம் பெட்டிக்கு அச்சுக் கொடுத்துவிடுவார்.

ரமேஷ் எழுதியது:

எளிமையாகப் ‘பெயர்ச் சரிபார்ப்பு’ என்றால் என்ன குறை? பதிவேட்டில் பெயரைத் தட்டுகிறோம். அதே பெயர் வந்தால் மாற்றுகிறோம், வராவிட்டால் வைத்துக்கொள்கிறோம். வந்தாலும் வேறு வகுப்பில் இருந்தால் கவலையில்லை. பொருள்களை 34 வகுப்பு, சேவைகளை 11 வகுப்பு என்று நீஸ் வகைப்பாடு பிரித்து வைத்திருப்பது அதற்குத்தானே? இதற்கு இரண்டு கலைச்சொல் எதற்கு?

சாதிக் எழுதியது:

வகுப்புக் கணக்கு சரி, ரமேஷ். அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் சரியில்லை. ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பெயரும் விடைகளும் நானே கற்பித்தவை.

ஒருவர் தண்ணீர்க் குப்பிக்குத் ‘தும்பி’ என்று பெயர் வைக்கிறார். குப்பி 21ஆம் வகுப்பு. `THUMBI` என்று தட்டுகிறார், ஒன்றும் வரவில்லை. இது முதல் படி. நீங்கள் சொன்ன சரிபார்ப்பு இத்தோடு முடிகிறது. ஆனால் தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு ஒரே வழி இல்லை. நம் த-வுக்கு அங்கே இரண்டு மூன்று எழுத்து, ப-வுக்கும் இரண்டு. ஆகவே குறைந்தது இவற்றையாவது தட்ட வேண்டும்:

```
THUMBI   TUMBI   DUMBI
THUMBY   THUMPI  TOOMBEE
DRAGONFLY
```

கடைசிச் சொல் ஏன்? சில நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், அயல்மொழிச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து, அந்தப் பொருளில் முன்பே குறி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். விண்ணப்பத்திலேயே பெயரின் பொருளை எழுதச் சொல்வார்கள்.

இனி விடைகள். `DUMBI` 21ஆம் வகுப்பில் தேநீர்க் கோப்பைக்கு இருக்கிறது என்று வையுங்கள். ஒலி நெருக்கம், பொருளும் நெருக்கம். அங்கேயே பெயரைக் கைவிடலாம். `TUMBI` குழந்தைப் பால்குப்பிக்கு இருக்கிறது. அது 10ஆம் வகுப்பு. வகுப்பு வேறு என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள், நான் விடமாட்டேன். வாங்குகிறவர் ஒருவரே, அடுக்கும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் ஒரே நிறுவனத்துடையது என்று அவர் நினைக்க இடமிருக்கிறது. கேட்கப்படும் கேள்வி அதுதான். வகுப்பு எண் அலுவலகத்தின் வசதிக்கு. `THUMBY` வாகன டயருக்கு, 12ஆம் வகுப்பில் இருந்தால் பெரிதாகக் கவலைப்படமாட்டேன், அது எல்லோருக்கும் தெரிந்த புகழ்பெற்ற குறியாக இல்லாதவரை.

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் ஒலியொப்பு வைத்துத் தேடும் வசதி உண்டு, கட்டணமும் இல்லை. எல்லா நாடுகளும் அதில் இல்லாததால், எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டுப் பதிவேட்டையும் தனியே பார்க்க வேண்டும். முதல் சுற்றில் வகுப்பைக் குறிப்பிடாமல் தேடுங்கள். 21 என்று போட்டுவிட்டால் பால்குப்பி கண்ணில் படவே படாது.

இளவழகன் எழுதியது:

சாதிக் தும்பி என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில், ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ பூந்தாது தேடும் வண்டு. தட்டான்பூச்சி பின்னால் வந்த பொருள். நிகண்டுகளில் தும்பிக்கு யானை என்றும் பொருள் உண்டு. தும்பிக்கை அதிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அப்படியானால் பெயர்த்துத் தேட வேண்டியவை மூன்று: தட்டான், வண்டு, யானை!

இன்னொன்று. ஒலியொப்பு என்பதை நம் யாப்பு எப்போதோ வகுத்துவிட்டது. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. காதில் முதலில் நிற்பது எதுகைதான். ‘தும்பி’யோடு ‘கம்பி’யும் ‘நம்பி’யும் மயங்கும். ஆகவே இந்தத் தேடலுக்கு ‘எதுகைத் தேடல்’ என்றே பெயர் வைக்கலாம்.

சாதிக் எழுதியது:

ஐயா, வண்டை நான் மறந்தது தவறு. பரிசீலிப்பவர் அகராதியைப் புரட்டுவார், அதில் வண்டும் இருக்கும். `BEE` என்றும் தேடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் அந்தப் பெயர்ப்பு வாதமே தளர்ந்துவிடும். இன்று பேசுகிறவர்கள் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதற்குத்தான் எடை. யானைக்கு அஞ்ச வேண்டாம்.

எதுகையில் மட்டும் மாறுபடுகிறேன். பெயர்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் தொடக்கத்துக்குத்தான் கூடுதல் எடை தருவார்கள். தும்பியும் கம்பியும் மயங்குவதைவிடத் தும்பியும் தும்பாவும் மயங்கும். உங்கள் மொழியில் சொன்னால், இது மோனை.

ஜோசப் எழுதியது:

இழையை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியவில்லை. என் பெயருக்குக் காப்புரிமை வாங்குவது எப்படி என்பதுதானே பேச்சு? என் கதையைச் சொல்கிறேன்.

சிலிக்கன் சமையல் கரண்டி விற்றேன். பெயர் வைத்ததும் இணைய முகவரி கிடைக்கிறதா என்று பார்த்தேன், கிடைத்தது. விற்பனைத் தளத்தில் அதே பெயரைத் தேடினேன், யாரும் இல்லை. நிறுவனப் பெயராகவும் பதிவாகிவிட்டது. மூன்று பச்சை விளக்கு எரிந்தது போல இருந்தது. விற்பனை சூடு பிடித்த நேரத்தில் என் பக்கம் முடக்கப்பட்டது. வேறு எழுத்தில், ஒலி மட்டும் ஒன்றாக, ஒரு குறி சமையல் பாத்திரத்துக்குப் பதிவாகியிருந்தது. K இருக்க வேண்டிய இடத்தில் C, அவ்வளவுதான். அட்டையில் மட்டும் பெயர் இருந்திருந்தால் அட்டையை மாற்றியிருப்பேன். நான் அச்சிலேயே வெட்டி, கரண்டிக் காம்பில் புடைப்பாக வரச் செய்திருந்தேன். மிச்சச் சரக்கு அத்தனையும் வீண்.

தேன்மொழி எழுதியது:

ஜோசப் அண்ணா, நீங்கள் சொன்னதை அப்படியே பாடத்தில் சேர்க்கத் தோன்றுகிறது. ஒரு திருத்தம் மட்டும்: பெயருக்குக் காப்புரிமை கிடையாது. அந்தச் சொல்லைப் பேடன்டுக்கும் எழுதுகிறோம், காப்பிரைட்டுக்கும் எழுதுகிறோம். பெயருக்கு வேண்டியது இரண்டும் அல்ல, வணிகக்குறிப் பதிவு.

முதல் படிக்குக் ‘களைவுத் தேடல்’ என்று வைக்கிறேன். களை எடுப்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதற்குப் ‘பெயரலசல்’ எப்படி? அலசி ஆராய்தல் என்று எல்லோரும் சொல்கிறோமே.

ரமேஷ் எழுதியது:

பெயரலசலுக்கு என் வாக்கு. என் அம்மாவுக்கும் புரியும். சாதிக் சொன்ன பிறகு வகுப்பு விஷயத்தில் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

ஜோசப் எழுதியது:

எனக்கும் அதுவே. ‘அலசினாயா?’ என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

இளவழகன் எழுதியது:

செய்தி அலசல், அரசியல் அலசல் என்று தேய்ந்துபோன சொல் அது. சாதிக் சொன்னதை ஏற்றுப் ‘பொறியாய்வு’, ‘எதுகைத் தேடல்’ இரண்டையும் விட்டுவிட்டேன். அவர் கருத்துக்குப் பொருந்துவது ‘தடை தேடல்’. தடையைத் தேடுதல்; இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகாது. ‘தடைத்தேடல்’ என்று ஒற்றுப் போட்டால் தடைபட்ட தேடல் என்று பொருள் திரியும்.

சாதிக் எழுதியது:

நானும் ‘தடை தேடல்’ பக்கம்தான். துணியை அலசினால் அழுக்குப் போய்விடும். அலசிய பெயர் தூய்மையானது என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்தத் தேடலும் இரண்டு ஓட்டைகளை அடைக்காது. ஒன்று, பாரிஸ் உடன்படிக்கைப்படி ஒருவர் ஒரு நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் விண்ணப்பித்தால், முதல் நாளின் முந்துரிமையைக் கோரலாம். நாம் இன்று தேடும்போது இந்த நாட்டுப் பதிவேட்டில் இல்லாத பெயர், நான்கு மாதம் கழித்து நமக்கு முந்தைய தேதியோடு வந்து நிற்கும். இரண்டு, பதிவே செய்யாமல் பல ஆண்டுகள் பயன்படுத்தியவருக்கும் இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் உரிமை உண்டு. அவரைப் பதிவேட்டில் காண முடியாது. விற்பனைத் தளங்களிலும் சமூக ஊடகங்களிலும்தான் தேட வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

வாக்குகள் மூன்றுக்கு இரண்டு, என்னையும் சேர்த்து. நாளை காலையில் கோப்பை அனுப்பியாக வேண்டும். தலைப்பில் ‘பெயரலசல்’ போகிறது. முதல் பத்தி இப்படி:

“களைவுத் தேடலில் மிஞ்சிய பெயரையே அலச வேண்டும். பெயரலசல் என்பது தடையைத் தேடுவது, நீக்குவது அன்று. அலசி முடித்த நாளையும் தேடிய சொற்களையும் குறித்து வையுங்கள், அச்சு வெட்டுவதற்கு முன் அதே சொற்களை மறுபடி தேடுங்கள்.”

சாதிக் எழுதியது:

இரண்டாவது வாக்கியத்துக்கு நன்றி. தலைப்பை ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது இழையை மறுபடி திறப்பேன்.

இளவழகன் எழுதியது:

நானும்.