பிரிவலன்ஸ், இன்சிடென்ஸ் இரண்டுக்கும் ‘பரவல்’ போதுமா?

மொழிபெயர்ப்பாளர், மதுரை

குழுவினருக்கு வணக்கம். சர்க்கரை நோய் குறித்த ஓர் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்துள்ளது. அதனுடன் வேறொருவர் முன்பு செய்த வரைவும் இருக்கிறது. அந்த வரைவில், ஒரு நேரத்தில் எத்தனை பேர் நோயுடன் இருக்கிறார்கள் என்பதைக் குறிக்கும் பிரிவலன்ஸ் என்ற ஒரே சொல் நோக்கத்தைக் கூறும் வரியில் ‘பரவல்’ என்றும், முறையியலில் ‘பாதிப்பு விகிதம்’ என்றும், முடிவில் ‘நோய் நிலை’ என்றும் மாறி மாறி வருகிறது. சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாதே என்று கட்டுரை வகுப்பில் கற்பித்த பாடம் இங்கே வேலை செய்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, புதிதாக எத்தனை பேர் நோயுறுகிறார்கள் என்பதைக் குறிக்கும் இன்சிடென்ஸும் ஓரிடத்தில் ‘பரவல் வீதம்’ ஆகியிருக்கிறது.

இந்த வரைவை, மூலத்தைப் பார்த்திராத நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி கேட்டேன். பிரிவலன்ஸ் என்பது தொற்றின் வேகமாகவும், உடலுக்கு நேர்ந்த கேடாகவும், நோயின் கடுமையாகவும் மூன்று வெவ்வேறு செய்திகளாகத் திரும்பி வந்தது. எண்கள் மட்டும் மாறவில்லை.

ஆகவே இரு சொற்களை முன்வைக்கிறேன். பிரிவலன்ஸுக்கு ‘நோயிருப்பு’ என்றும், இன்சிடென்ஸுக்குப் ‘புதுநோய் வீதம்’ என்றும் வைத்துக்கொள்ளலாமா? உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், திருப்பரங்குன்றம்

‘பரவல்’ என்பதை நீங்கள் கைவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்கள் எப்படிப் பகிர்ந்து அமைந்திருக்கின்றன என்பதையே புள்ளியியலில் பரவல் என்போம்; இயல்நிலைப் பரவல் என்று நாங்கள் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வந்திருக்கிறோம். உங்கள் சுருக்கத்திலேயே பங்கேற்றவர்களின் வயதுப் பரவல் என்று ஒரு தொடர் வரக்கூடும்; அப்போது ஒரே பத்தியில் ஒரு சொல் இரண்டு வேலை செய்ய நேரும்.

ஆனால் இன்சிடென்ஸுக்குப் புதிய சொல் எதற்கு? ‘நிகழ்வு’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே. மேலும், இரண்டுமே வீதங்கள் என்பதால், ‘நோயிருப்பு வீதம்’, ‘நிகழ்வு வீதம்’ என்று ஒரே வாலைச் சேர்த்துவிட்டால் ஒழுங்கு தானே வந்துவிடும்.

செவிலியர், உசிலம்பட்டிப் பகுதி

ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். நான் மொழி கற்றவள் அல்லள். என் அனுபவத்தை மட்டும் கூறுகிறேன். ‘நீரிழிவின் பரவல் அதிகரிப்பு’ என்று அச்சிட்ட தாள் ஒன்றை முகாமில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த ஒரு பெண்மணி, மாமியாருக்குச் சர்க்கரை இருப்பதால் தட்டு, தம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். ஒட்டாத நோயை ஒட்டும் நோயாக அந்த ஒரு சொல் மாற்றிவிட்டது.

‘புதுநோய்’ என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2020க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அதைக் கேட்பவர், கொரோனாவைப் போல இதுவரை இல்லாத ஏதோ ஒரு நோய் கிளம்பிவிட்டது என்றுதான் எண்ணுவார்.

வாசகர், மேலூர்

மருந்துப் பெயர்களைப் பற்றியும் ஒரு முடிவு எடுங்கள். மெட்ஃபார்மின் என்று ஆய்தம் இட்டு எழுதுவதா, மெட்பார்மின் என்று எழுதுவதா? என் தந்தையாரின் மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதி வைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழப்பம் வருகிறது.

சமூக மருத்துவத் துறை மருத்துவர், மதுரை

மேலூர் நண்பருக்கு: சீட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரையும் மாத்திரையின் அளவையும் அப்படியே பார்த்து எழுதி வையுங்கள். தமிழ் எழுத்துக்கூட்டலைப் பிறகு தனி மடலில் பேசலாம்.

ஆசிரியர் ஐயா ‘பரவல்’ பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இரண்டையும் வீதம் என்பதில்தான் இடறுகிறது. 1000 பெரியவர்கள் உள்ள ஓர் ஊரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தை முதல் நாளில் அனைவரையும் பரிசோதித்தபோது 120 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்றால், பிரிவலன்ஸ் 12 விழுக்காடு. அது ஒரு நாளில் எடுத்த தலைக்கணக்கு. அதில் காலம் இல்லை. எனவே அது ஒரு பங்குதானே தவிர வீதம் அன்று. ஆங்கிலத்திலும் பலர் அதன் பின்னால் ‘ரேட்’ சேர்த்து எழுதுகிறார்கள் என்பது உண்மைதான். அந்தத் தளர்வை நாமும் தமிழுக்கு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

அடுத்த ஓர் ஆண்டில் புதிதாக 22 பேருக்கு நோய் வந்தது என்க. இதனை 1000ஆல் வகுக்கக் கூடாது. ஏற்கெனவே நோயுள்ள 120 பேருக்கு அது மறுபடியும் புதிதாக வர முடியாது. மீதமுள்ள 880 பேரால் வகுத்தால், ஆண்டுக்கு 1000 பேருக்கு 25 என்று வரும். இதுவே இன்சிடென்ஸ். ஆகவே, ஒரு சொல் எந்த அளவைக் குறிக்கிறது என்பதை அதன் வகுஎண்ணைப் பார்த்தே உறுதிசெய்யலாம். மொழிபெயர்ப்பில் வகுஎண் மறைந்துவிட்டால் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையிலும் போகலாம். நல்ல சிகிச்சையால் நோயாளிகள் கூடுதல் ஆண்டுகள் வாழ்ந்தால், புதிதாக நோயுறுவோர் தொகை சற்றுக் குறைந்தாலும் நோயுடன் இருப்போர் தொகை ஏறும். அதைப் ‘பரவல் கூடியது’ என்று தமிழில் எழுதினால், சிகிச்சையின் வெற்றி தடுப்புப் பணியின் தோல்வியாகப் படிக்கப்படும்.

‘நிகழ்வு’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. மருந்தினால் நேரும் வேண்டாத விளைவுகளைப் பாதக நிகழ்வுகள் என்று எழுதுகிறோம். ‘நிகழ்வு வீதம்’ என்றால் அவை எத்தனை முறை நேர்ந்தன என்று வாசகர் கருதுவார். என் பரிந்துரை, கடைக் கணக்கேட்டில் உள்ள வரவு, இருப்பு என்ற இணையையே எடுத்துக்கொண்டு ‘நோய்வரவு வீதம்’, ‘நோயிருப்பு விழுக்காடு’ என்று அமைக்கலாம் என்பது. குணமடைவதும் இறப்பதும் இருப்பைக் குறைக்கும், வரவைத் தொடா.

செவிலியர், உசிலம்பட்டிப் பகுதி

டாக்டர் ஐயா, இருப்பு நன்றாக விளங்குகிறது. வரவு என்றால், வெளிநோயாளிப் பதிவேட்டை எழுதும் எங்களுக்கு அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் நினைவுக்கு வரும். ஒரே ஆள் மாதந்தோறும் மாத்திரை வாங்க வருவார், அதுவும் வரவுதானே?

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், திருப்பரங்குன்றம்

வகுஎண் விளக்கத்தை ஏற்கிறேன். ‘நோயிருப்பு வீதம்’ வேண்டாம். ஆனால் புகைப்பழக்கத்தின் பிரிவலன்ஸை என்னவென்று எழுதுவீர்கள்? பழக்கத்தை நோயிருப்பு என்பதா? அத்துடன், எல்லோரையும் முழு ஆண்டும் பின்தொடராத ஆய்வுகளில் ஒவ்வொருவரும் கண்காணிப்பில் இருந்த காலத்தைக் கூட்டி வகுப்பார்கள். அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை

அனைவருக்கும் நன்றி. பிரிவலன்ஸுக்கு ‘இருப்பு விழுக்காடு’ என்பதை அடிச்சொல்லாகக் கொண்டு, ‘நீரிழிவு இருப்பு விழுக்காடு’, ‘புகைப்பழக்க இருப்பு விழுக்காடு’ என்று முன்னொட்டை மாற்றிக்கொள்கிறேன். ஆசிரியர் ஐயா கேட்ட கூட்டுக் காலத்துக்கு ‘ஆள்-ஆண்டு’ என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆறு மாதத்தில் ஊரைவிட்டுப் போனவர் அரை ஆள்-ஆண்டு தருவார்.

இன்சிடென்ஸ் இன்னும் முடிவாகவில்லை. செவிலியர் அம்மாவின் மறுப்பு வலுவானது என்பதால், இப்போதைக்கு ‘புதிதாக நோயுறும் வீதம்’ என்று நீட்டியே எழுதி, எல்லா இடங்களிலும் அதையே வைக்கிறேன். ‘நோய்வரவு’ தலைப்பில் இடம் போதாதபோது தேவைப்படலாம்.

வரைவைச் சரிபார்ப்போருக்கு ஒரு குறிப்பு. ‘பரவல்’ என்று புள்ளியோடு தேடினால் ‘பரவலின்’, ‘பரவலை’ ஆகியவை அகப்படா. ‘பரவல’ என்று புள்ளியின்றித் தேடினால் அனைத்தும் கிடைக்கும். கூடவே ‘பரவலாக’ என்பதும் வந்து நிற்கும் என்பதால், ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். திருத்திய வரைவை மூலத்தைப் பார்த்திராத வேறொருவரிடம் தந்து மறுபடியும் ஆங்கிலமாக்கச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும் சொற்களையும் வகுஎண்களையும் ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.