புதுப்பிப்பு: "ஏன் வேலையை விடுறீங்க?"

"நேர்முகத்தில, இப்ப இருக்கிற வேலையை ஏன் விடுறீங்க எண்டு கேட்டால், கம்பனியைக் குறை சொல்லாமல் என்ன சொல்லுறது? நான் கணக்குப் பகுதியில், கொழும்பு."

வந்த பதில்களைப் பார்த்துத் திருத்தின வடிவம் இது. ஆட்சேர்ப்பில் இருக்கிற அக்கா ஒருவர் போட்டது, கிட்டத்தட்ட அப்படியே:

"மூண்டு வருஷம் சப்ளையர் கொடுப்பனவு பார்த்தனான். மாதக் கணக்கு முடிக்கிறது அங்க தலைமை அலுவலகத்தில நடக்குது. உங்கட விளம்பரத்தில அது இந்தப் பதவிக்குள்ள வருது, அதுதான் விண்ணப்பிச்சன்."

இரண்டாவது வசனத்தில்தான் சூட்சுமம். "நடக்குது" எண்டால் தகவல். "எனக்குத் தர மாட்டாங்கள்" எண்டால் முறைப்பாடு. அரை நிமிஷத்தில் நிப்பாட்ட வேணும். இழுத்தால் வாய் தானாகவே மேலதிகாரி பக்கம் போகும்.

அடுத்து வாற கேள்வி, "அங்க கேட்டுப் பார்க்கேல்லையா?" இதுக்குத்தான் பலர் தடுமாறினம். "கேட்டனான், நான் இருக்கிற கிளையில அந்தப் பதவி இல்லை" எண்டது போதும். கேட்காட்டில் கேட்டதா சொல்லாதேங்கோ, பழைய இடத்துக்குப் போன் போகலாம்.

"நல்ல வாய்ப்புக்காக எண்டு சொன்னால் சரி" எண்டவர் பாதி சரி. குறை இல்லை, ஆனால் காரணமும் இல்லை, "என்ன வாய்ப்பு?" எண்டு திருப்பிக் கேட்பினம்.

ஒரு தம்பி தன்னை நிப்பாட்டினதைப் பற்றி எழுதியிருந்தார். அது வேற கேள்வி தம்பி, தனியாப் போடுங்கோ. ஈபிஎஃப் கட்டாத முதலாளி எண்டால் முறைப்பாடு தொழில் திணைக்களத்துக்கு, நேர்முகத்தில இல்லை.

சம்பளத்தைக் காரணமாச் சொல்லலாமா எண்டதில் இன்னும் இரண்டு கட்சி.