"ரா பாதாம்"னு போட்டிருந்தா நிஜமாவே பச்சையா? கசப்பு பாதாம் கடிச்சவங்களும் சொல்லுங்க

பிரீமான்ட் கவி:
நாங்க இங்க அமெரிக்காவுல கடையில வாங்குற பாக்கெட்ல பெருசா ரா ஆல்மண்ட்ஸ்னுதான் போட்டிருக்கு. போன வாரம் வீட்டுக்காரர் ஃபார்மர்ஸ் மார்க்கெட்ல ஒரு தோட்டக்காரர்கிட்ட கொஞ்சம் பாதாம் வாங்கிட்டு வந்தார், அந்தப் பெரியவர் "கடையில இருக்கிறது எதுவும் பச்சை இல்ல, என்கிட்ட இருக்கிறதுதான் பச்சை"ன்னு அடிச்சு சொன்னாராம். வியாபாரத்துக்கு சொல்றாரோன்னு நினைச்சு ரெண்டையும் தனித்தனி கிண்ணத்துல ஊறவச்சேன், சாப்பிட்டா வித்தியாசமே தெரியல, ஆனா ஈரத்துணியில கட்டி வச்சதுல அவரோடது மூக்கு விட்டு முளைக்க ஆரம்பிச்சிடுச்சு, கடைப் பாதாம் அப்படியே ஊதிப்போய் கிடக்கு. யாருக்காவது விவரம் தெரியுமா?

இயற்கை வழி:
தெரிஞ்ச கதைதான். கசப்பு பாதாம்ல சயனைடு இருக்குன்னு பயந்துதான் அமெரிக்காக்காரன் பச்சை பாதாமுக்கே தடை போட்டான், எல்லாத்தையும் ஆவியில வேகவச்சு சத்தை எடுத்துட்டு விக்கிறான். உண்மையில அந்த கசப்புலதான் விட்டமின் பி17 இருக்கு, கேன்சருக்கு மருந்து, கம்பெனிக்காரன் வெளிய விட மாட்டான்.

மொடெஸ்டோ குவாலிட்டி:
நான் இங்க பாதாம் ஆலையில குவாலிட்டில வேலை பாக்கறேன். கவி, அந்தப் பெரியவர் பொய் சொல்லல. இயற்கை வழி சார், பாதி சரி, ஆவி காட்டுறது உண்மை, ஆனா அது சயனைடுக்காக இல்ல, சால்மொனெல்லா கிருமிக்காக.

பாதாம் அறுவடையை நேர்ல பாத்தா புரியும். மிஷின் மரத்தைப் பிடிச்சு ஒரே உலுக்கு, காய் மொத்தமும் மண்ணுல கொட்டும், அங்கயே வாரக்கணக்குல காய விட்டு, அப்புறம் கூட்டி அள்ளுவாங்க. மண்ணுல இருக்கிறது ஓட்டுலயும் பருப்புத் தோல்லயும் ஒட்டிக்கும், காஞ்ச பருப்புல சால்மொனெல்லா வளராது ஆனா சாகாமயும் மாசக்கணக்குல உக்காந்திருக்கும். 2000-2001ல கனடாவுல 150 பேருக்கு மேல வயித்துப்போக்கு காய்ச்சல்னு விழுந்தாங்க, நூல் பிடிச்சு வந்தா கலிபோர்னியா பச்சை பாதாம். 2003-04ல இன்னொரு தடவை. அதுக்கப்புறம்தான் 2007 செப்டம்பர்ல இருந்து கலிபோர்னியாவுல விளைஞ்சு அமெரிக்கா, கனடா, மெக்சிகோவுல விக்கிற பாதாம் எல்லாம் கிருமியை பத்தாயிரத்துல ஒண்ணா குறைக்கிற அளவுக்கு பதப்படுத்தணும்னு சட்டம். ஆவி காட்டலாம், வறுக்கலாம், சுடுதண்ணியில போட்டு தோல் உரிக்கலாம், இல்ல மூடின அறைக்குள்ள புரோப்பிலீன் ஆக்சைடு வாயு விடலாம். வறுக்காம ஆவியோ வாயுவோ மட்டும் காட்டினா பாக்கெட்ல ரான்னே போட்டுக்கலாம், எந்த முறைன்னு எழுதணும்னு கட்டாயம் இல்ல. ஆர்கானிக்குக்கு அந்த வாயு கூடாது, அதனால அது பெரும்பாலும் ஆவிதான்.

விவசாயி நேரடியா சாப்பிடுறவங்களுக்கு விக்கிறதுக்கு மட்டும் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 100 பவுண்டு வரைக்கும் விலக்கு. உங்க பெரியவர் அந்தக் கணக்கு. முளைக்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, பழைய பாதாம் பதப்படுத்தாட்டியும் முளைக்காது.

பிரீமான்ட் கவி:
ஐயோ வாயுவா 😳 அப்ப பெரியவர்கிட்டயே வாங்கிடவா?

மொடெஸ்டோ குவாலிட்டி:
அது உங்க இஷ்டம். ஆனா பச்சையா வாங்கினா ராத்திரி பூரா வெளிய ஊறவைக்காதீங்க, காஞ்சு கிடந்த கிருமிக்கு தண்ணியும் சூடும் கிடைச்சா பெருகும். ஃபிரிட்ஜுக்குள்ள ஊறட்டும். இல்லன்னா தோலுரிக்கிறதுக்கு அடுப்புல கொதிக்கிற தண்ணியிலயே ரெண்டு நிமிஷம் போட்டு எடுங்க, ஆலையிலயும் தோலுரிக்கிறதுக்கு 88 டிகிரில ரெண்டு நிமிஷம்தான் கணக்கு. கிண்ணத்துல போட்டு மேல சுடுதண்ணி ஊத்தினா உடனே ஆறிடும், அது பத்தாது.

மண்டி மகன்:
மதுரை கீழமாசி வீதி பக்கம் எங்க அப்பா டிரை ஃப்ரூட்ஸ் வியாபாரம். இந்தியாவுக்கு கலிபோர்னியா பாதாம் நிறைய ஓட்டோடதான் வருது, இங்க வந்துதான் உடைக்கிறாங்க. அதுக்கு அந்த சட்டம் கிடையாதா அண்ணே?

மொடெஸ்டோ குவாலிட்டி:
கிடையாது தம்பி, அந்த மூணு நாட்டுக்கு வெளிய போறதுக்கு கட்டாயமில்ல. வாங்குறவன் கேட்டா பண்ணிக் குடுப்பாங்க. அதனால ஊர்ல சாப்பிடுறதுதான் நிஜப் பச்சையா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

மண்டி மகன்:
அப்ப கசப்பு விஷயம் நான் சொல்றேன். கலிபோர்னியா மூட்டையில நான் கசப்பு கண்டதே இல்ல. ஆப்கான்ல இருந்து வர்ற குர்பந்தின்னு குட்டி பாதாம் இருக்கு, எண்ணெய் ஜாஸ்தி, அதுல அங்கங்க ஒண்ணு கசக்கும். ஒரு தடவை ஒரு கஸ்டமர் பொண்ணு, ரெண்டு வயசுப் புள்ளைக்கு பாதாமை பொடிச்சு பால்ல கலந்து குடுத்திருக்காங்க, புள்ள மூஞ்சியை சுளிச்சு துப்பிடுச்சு, அந்தம்மா ருசி பாத்துட்டு நேரா கடைக்கு வந்துட்டாங்க. அப்பா காசைக் குடுத்துட்டு மீதியைப் பிரிச்சுப் போட்டு பாத்தார், கசப்பு எது நல்லது எதுன்னு கண்ணுக்குத் தெரியவே இல்ல. அதுல இருந்து குழந்தைக்குன்னு கேட்டா குர்பந்தி குடுக்கிறதில்ல.

மொடெஸ்டோ குவாலிட்டி:
உங்கப்பா செஞ்சது சரி. கசப்புங்கறது மரத்தோட ஜீன், கிருமியோ பூச்சியோ இல்ல. இங்க எல்லாம் ஒட்டுக்கட்டின இனிப்பு மரம், வித்துல வளர்ந்த மரங்க கலந்து நிக்கிற தோட்டத்துல கசப்பு மரமும் நிக்கும், அள்ளும்போது சேர்ந்துடும். கசப்பு பருப்புல அமிக்டலின்னு ஒண்ணு இருக்கு, முழுசா இருக்கறவரைக்கும் சும்மா கிடக்கும். கடிச்சாலோ பொடிச்சு ஈரம் பட்டாலோ பருப்புக்குள்ளயே இருக்கிற நொதி அதை உடைச்சு ஹைட்ரஜன் சயனைடை விடும், பாதாம் எசென்ஸ் வாசனையும் அப்பதான் வரும். பால்ல பொடிச்சுப் போட்டது அந்த வகையில ரொம்ப மோசம்.

கணக்கு பாருங்க. கசப்பு பருப்பு ஒண்ணுல தோராயமா 1 மில்லிகிராம் சயனைடு வரும், கூடலாம் குறையலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வேளைக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான் பாதுகாப்புன்னு சொல்லுது. 12 கிலோ குழந்தைக்கு அது 0.24 மில்லிகிராம், அதாவது கால் பருப்பு. அதைத் தாண்டினவுடனே ஆபத்துன்னு இல்ல, உயிருக்கு ஆபத்தான அளவு கிலோவுக்கு அரை மில்லிகிராம்ல இருந்து ஆரம்பிக்குது, அந்தக் குழந்தைக்கு ஆறு பருப்பு. பெரியவங்க ஒண்ணைக் கடிச்சுட்டு துப்பினா ஒண்ணும் ஆகாது, வாயைக் கொப்பளிச்சா போதும்.

இயற்கை வழி:
வறுத்துட்டா சரியாப் போகுமே? எங்க பாட்டி காலத்துல வறுத்துதான் குடுப்பாங்க.

மொடெஸ்டோ குவாலிட்டி:
வறுத்தா நொதி செத்துடும், அமிக்டலின் நிறைய அப்படியே நிக்கும் சார், நம்ம குடல்ல இருக்கிற பாக்டீரியா மீதி வேலையைப் பண்ணிடும். பி17ன்னு விட்டமினே கிடையாது, அதே அமிக்டலினுக்கு வச்ச வியாபாரப் பேரு. லேட்ரைல்னு வித்ததை அமெரிக்காவுல 178 கேன்சர் நோயாளிகளுக்குக் குடுத்து சோதிச்சு 1982ல எழுதினாங்க, கட்டி கரையல, சிலருக்கு ரத்தத்துல சயனைடு ஏறினதுதான் மிச்சம்.

இயற்கை வழி:
அவங்க எழுதுறதை அவங்களே நம்பட்டும். நான் தினமும் ரெண்டு சாப்பிடறேன், நல்லாத்தான் இருக்கேன்.

மண்டி மகன்:
சார் நல்லா இருங்க, ஆனா வீட்டு சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும் குடுக்காதீங்க 🙏

பிரீமான்ட் கவி:
ஒரு டவுட். இங்க சிலர் "நிஜ ரா" வேணும்னு ஸ்பெயின், இத்தாலி பாதாம் ஆன்லைன்ல வாங்குறாங்களே?

மொடெஸ்டோ குவாலிட்டி:
கலிபோர்னியா சட்டம் அதுக்குப் பொருந்தாது, அதனால பச்சையா வரலாம். ஆனா கசப்பு கலக்கறதும் அந்த ஊர் சரக்குலதான் ஜாஸ்தி, 2014ல அங்க இருந்து வந்த ஆர்கானிக் ரா பாதாமை சயனைடு கூடுதல்னு இங்க திரும்ப வாங்கினாங்க. ஒரு பயத்துக்கு ஓடினா இன்னொண்ணு எதிர்ல நிக்குது. ஆவி காட்டறதால கசப்பு போகாது, கசப்பு இல்லைங்கறதால கிருமி இல்லைன்னும் ஆகாது.

வேலூர் அக்கா:
எங்க ஸ்கூல் வாசல்ல பெரிய வாதாமரம் இருந்துச்சு, சிவந்து விழுற பழத்தைத் தின்னுட்டு கொட்டையை கல்லால தட்டி உள்ள இருக்கிற பருப்பைத் தின்போம், அதுலயும் சயனைடா? இப்ப நினைச்சா வயித்தைக் கலக்குது.

மண்டி மகன்:
அக்கா அது நாட்டு வாதாம், குடும்பமே வேற, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பயப்படாதீங்க.

வேலூர் அக்கா:
அப்பாடா. சரி, குழந்தை தெரியாம நாலஞ்சு கசப்பு பாதாமை மென்னுட்டா என்ன பண்றது, பால் குடுக்கலாமா?

மொடெஸ்டோ குவாலிட்டி:
பால், உப்புத்தண்ணி, வாந்தி எடுக்க வைக்கிறது எதுவும் வேணாம் அக்கா. தலை சுத்தல், வாந்தி, மூச்சு வாங்கறது, தூக்கக் கலக்கம்னு வரலாம், வர்ற வரைக்கும் காத்திருக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க. மிச்சம் இருக்கிற பாதாமையும் கையில எடுத்துட்டுப் போங்க, என்ன தின்னுச்சுன்னு டாக்டருக்கு சீக்கிரம் புரியும்.