25 அடிக்குக் கீழே உறிஞ்சாது என்றால் உறிஞ்சாது

கிணத்துமோட்டார் (சமயநல்லூர்)
நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார்: கடலோரத்தில் 18 மீட்டர் ஆழம் வரை இருந்த களிமண்ணை, மேலே மண்ணே கொட்டாமல், பம்பு வைத்து உறிஞ்சியே இறுக்கிவிட்டார்களாம். 30 வருடமாகக் கிணற்றில் மோட்டார் இறக்குகிறவன் நான். 25 அடிக்குக் கீழே எந்தப் பம்பும் உறிஞ்சாது. அதனால்தான் கிணற்றுக்குள் திட்டு கட்டி மோட்டாரை இறக்கி வைக்கிறோம். 18 மீட்டர் என்றால் 59 அடி. மீதி 34 அடியை யார் வாய் வைத்து உறிஞ்சினார்கள்?

உவர்மண் (திருமங்கலம்)
அந்த ஒருத்தர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம் அண்ணே. ஒரே ஒரு கேள்வி. 300 அடி போர். நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் 10 அடியில் நிற்கிறது. மேலே மோனோபிளாக் வைத்தால் தண்ணீர் வருமா, வராதா?

கிணத்துமோட்டார்
வரும். யார் இல்லை என்றது? நிற்கிற மட்டம்தான் கணக்கு, போரின் ஆழம் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது 18 மீட்டர். பேச்சை மாற்ற வேண்டாம்.

உவர்மண்
பதிலை நீங்களே சொல்லிவிட்டு என்னைப் பேச்சு மாற்றுகிறேன் என்கிறீர்கள். சரி, முழுதாகவே சொல்கிறேன்.

அந்தக் களியில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். பலம் சோதித்ததில் 10 கிலோபாஸ்கல்தான். அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 50 கிலோபாஸ்கல் சுமைதான் அது தாங்கும் உச்சம். 3 மீட்டர் மண் கொட்டினாலே அதைத் தாண்டிவிடும். அப்புறம் மேடு ஒரு பக்கமாகச் சரிந்து, பக்கத்து நிலம் பிதுங்கிக்கொண்டு மேலே வரும். எங்களுக்கு வேண்டியதோ 4 மீட்டர் மேட்டுக்குச் சமமான அழுத்தம். கொஞ்சம் கொட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி கொஞ்சம் கொட்டலாம். அதற்கு நாளும் இல்லை, லாரி லாரியாக மண்ணும் இல்லை.

அதனால் மேலே அரை மீட்டர் மணல் பரப்பினோம். பிறகு நான்கு விரல் அகலப் பட்டைகளை (சைட்டில் விக் என்போம், உள்ளே பிளாஸ்டிக் பள்ளங்கள், வெளியே துணி) ஒரு மீட்டருக்கு ஒன்றாக இரும்புக் குழலில் செருகிக் கீழே இறக்கினோம். மணலுக்குள் துளைபோட்ட குழாய்கள். எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் ஓரத்தைச் சுற்றிலும் வெட்டிய கால்வாய்க்குள் மடக்கி, ஈரக்களிமண்ணால் மூடியாயிற்று. பம்பைப் போட்டதும் விரிப்பு மணலோடு ஒட்டிக்கொண்டது. கீழே கிடந்த ஒரு கூழாங்கல் கூடப் புடைத்துத் தெரிந்தது. கேஜில் 80 கிலோபாஸ்கல் வெற்றிடம்.

விரிப்புக்கு அடியில் காற்று குறைந்தது, மேலே இருக்கிற காற்று எப்போதும் போல அழுத்துகிறது. அதுதான் சுமை. தனியாக மண் எதற்கு?

கிணத்துமோட்டார்
கதை நல்லா இருக்கு. 59 அடியில் இருக்கிற தண்ணீர் 25 அடிப் பம்புக்கு எப்படி வந்தது? அதை மட்டும் சொல்லவில்லை.

வண்டியூர்வாசி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடும் களிமண் மேல்தான், பழைய கண்மாய் ஓரத்து பிளாட். ஹாலில் டைல்ஸ் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சமையலறைச் சுவரில் மூலைவாட்டில் விரிசல். இந்தப் பம்பை எங்கள் வீட்டில் வைக்கலாமா? 3 சென்ட்தான். எவ்வளவு ஆகும்?

கரிசல்காட்டான்
கண்மாய்க்குள் பிளாட் போட்டவனைக் கேட்காமல் பம்பைக் கேட்கிறீர்கள்.

வண்டியூர்வாசி
கண்மாய்க்குள் இல்லை, கண்மாய் ஓரம். அப்ரூவ்டு பிளாட். படித்துவிட்டுப் பேசுங்கள்.

உவர்மண்
வண்டியூர் சார், டைல்ஸ் தூக்குகிறது என்றால் உங்கள் மண் இறங்கவில்லை, உப்புகிறது. கரிசல். மழையில் ஊதும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போய்விடும், பம்பு சும்மா ஓடும். இந்த முறைக்கு மண் தண்ணீரில் ஊறிக் கிடக்க வேண்டும். இன்னொன்று, உறிஞ்சும்போது சுற்றியிருக்கிற மண் உள்பக்கமாக நகரும். எங்கள் சைட்டில் விரிப்புக்கு வெளியே சில மீட்டர் தள்ளி, நிலத்தில் நீளநீளமாக விரிசல் ஓடியது. உங்கள் பிளாட்டில் அந்தத் தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் இருக்கும். விட்டுவிடுங்கள்.

இப்போது மோட்டார் அண்ணனுக்கு. 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிற தண்ணீரை யாரும் தூக்க வேண்டியதில்லை. எங்களிடம் நிலத்தடி நீர் ஒரு மீட்டரில் நின்றது. அப்படியானால் 18 மீட்டரில் அந்தத் தண்ணீருக்கு 17 மீட்டர் அழுத்தம், ஏறக்குறைய 170 கிலோபாஸ்கல் ஏற்கெனவே இருக்கிறது. பட்டைக்குள் தண்ணீர் தானாகவே ஒரு மீட்டர் மட்டம் வரை ஏறி நிற்கும். பம்பு தூக்குவது அந்த ஒரு மீட்டர்தான். அந்தத் தூக்கலுக்கு ஒரு 10 போக, மிச்சம் 70. பட்டை முழுதும் தண்ணீர் இருப்பதால் அந்த 70 குறைவு மேலிருந்து அடிவரை அப்படியே இறங்கும். அடியில் 170 இருந்தது 100 ஆகும். குறைந்த 70ஐ யார் சுமப்பது? களிமண் துகள்கள். அதுதான் இறுக்கம். அடியில் 100 மிச்சமிருக்கும்போது அங்கே உறிஞ்சல் என்ற பேச்சே இல்லை.

பாலிடெக்னிக்
நீங்கள் சொல்வது புத்தகக் கணக்கு. அப்படியே அடிவரை இறங்கும் என்பது சரியில்லை. பட்டை மண்ணோடு இறங்கும்போது மடங்கும், துணி அடைத்துக்கொள்ளும். ஆழம் போகப்போக வெற்றிடம் குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். இதை 1952இலேயே க்ஜெல்மன் சொன்னபோது அவர் வைத்தது அட்டைப் பட்டைகள், நினைவிருக்கட்டும்.

கரிசல்காட்டான்
சுவீடன்காரர் பெயரை அப்படிச் சொல்லக் கூடாது. ஷெல்மன்.

பாலிடெக்னிக்
எழுத்தில் K இருக்கிறது.

கரிசல்காட்டான்
ழகரத்தை zh என்று எழுதுகிறோமே, அதை எப்படிச் சொல்வீர்கள்?

கிணத்துமோட்டார்
பாருங்கள், படித்த தம்பியே சொல்கிறார், ஆழம் போனால் குறையும் என்று. 25 அடி.

பாலிடெக்னிக்
நான் 25 அடி என்று சொல்லவில்லை.

உவர்மண்
குறையும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் காரணம் வேறு. எங்கள் சைட்டிலேயே நடந்தது. ஒரு மூலையில் கேஜ் 80இல் இருந்து 55க்கு இறங்கியது. முதலில் விரிப்பு காற்று வாங்குகிறது என்று நினைத்தோம். ராத்திரி மற்ற சத்தம் அடங்கிய பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின் மேல் காதை வைத்தபடி தவழ்ந்து தேடினோம். ஓட்டை இருந்தால் உஸ்ஸென்று கேட்கும். இரண்டு இடத்தில் கேட்டது, ஒட்டினோம். கேஜ் 60. அதற்கு மேல் ஏறவில்லை.

துப்பு கொடுத்தது பம்பிலிருந்து வந்த தண்ணீர். களிமண்ணிலிருந்து வருவது நாளாக நாளாகக் குறைய வேண்டும். இங்கே குறையவே இல்லை. அந்த மூலையில் மறுபடி துளை போட்டுப் பார்த்தால், 6 மீட்டர் ஆழத்தில் ஒரு சாண் கனத்துக்கு மணல் வரி. வெளியே இருக்கிற தண்ணீரை அதன் வழியாக இழுத்துக்கொண்டிருந்தோம். கடலைக் காலி செய்கிற வேலை. சுற்றிலும் பெண்டோனைட் கலந்த களிக்கூழில் ஒரு தடுப்புச் சுவர், மணல் வரிக்குக் கீழே வரை இறக்கிய பிறகுதான் 75ஐத் தொட்டது. அடியிலும் மணல் இருந்ததால்தான் பட்டைகளை அதற்கு ஒரு மீட்டர் மேலேயே நிறுத்தியிருந்தோம். அதையும் தொட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அஞ்சு மாதத்தில் நிலம் 1.3 மீட்டர் இறங்கியது. விளிம்பில் இருந்து பார்த்தால் கண்மாய் மாதிரிக் குழி.

பாலிடெக்னிக்
15 மீட்டரில் அழுத்தமானி வைத்திருந்தீர்களா? அங்கே எவ்வளவு குறைந்தது? அதைச் சொல்லவில்லையே.

உவர்மண்
வைத்திருந்தோம். 52 குறைந்தது. நின்ற இடத்தில் பட்டை மடங்கியதா, மணல் வரி மிச்சமா, அல்லது இன்னும் நாள் விட்டிருந்தால் குறைந்திருக்குமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. ஆனால் 52 அண்ணே, 52. உங்கள் கணக்குப்படி அங்கே பூஜ்யம் வந்திருக்க வேண்டும்.

பாலிடெக்னிக்
70 என்றவர் 52க்கு வந்துவிட்டார். குறித்துக்கொள்கிறேன். போன வருடம் செக்டேம் இழையில் நான் சொன்னபோதும் இப்படித்தான் கடைசியில் வந்தார்.

உவர்மண்
செக்டேமை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அங்கேயும் நான் சொன்னதுதான் சரி.

பாலிடெக்னிக்
சரி, நம் ஊர்ப் பக்கமே வைத்துக்கொள்வோம். நிலத்தடி நீர் 5 மீட்டரில் நிற்கிறது. அப்போது?

உவர்மண்
அப்போது தண்ணீரை மேலே கொண்டுவரவே 50 போய்விடும். 80இல் மிச்சம் 30. ஒன்றரை மீட்டர் மண் கொட்டினாலே அது வந்துவிடும், இத்தனை பிளாஸ்டிக் எதற்கு? அதோடு மேல் 5 மீட்டரும் காய்ந்த மண், காற்று வாங்கும். 8 மீட்டரில் நின்றால் ஒன்றுமே மிஞ்சாது.

கிணத்துமோட்டார்
8 மீட்டர் எத்தனை அடி தம்பி?

உவர்மண்
26.

கிணத்துமோட்டார்
காற்று, குழாய் உராய்வு எல்லாம் கழித்தால் 25. முதல் வரியிலேயே எழுதினேன்.

உவர்மண்
அண்ணே, உங்கள் 25 அடி ஆழத்தின் எல்லை இல்லை, அழுத்தத்தின் எல்லை. 25 அடித் தண்ணீர் என்பது 75 கிலோபாஸ்கல், 4 மீட்டர் மண்ணுக்குக் கொஞ்சம் மேலே. காற்றின் மொத்த அழுத்தமே 100தான், எவ்வளவு பெரிய பம்பு போட்டாலும் சைட்டில் 80ஐ ஒட்டித்தான் கிடைக்கும். 8 மீட்டர் மேட்டின் சுமை வேண்டும் என்றால் மீதிக்கு மண் கொட்டித்தான் ஆக வேண்டும். அடியில் எத்தனை மீட்டர் களி இருக்கிறது என்பது வேறு கணக்கு.

வண்டியூர்வாசி
அப்படியென்றால் எங்கள் வீட்டில் தண்ணீர் 4 மீட்டரில் இருக்கிறது. பாதி பலன் கிடைக்குமா?

கரிசல்காட்டான்
கண்மாயில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

வண்டியூர்வாசி
ஓரம்! ஓரம் என்று எத்தனை தடவை சொல்வது?

கிணத்துமோட்டார்
ஞாயிற்றுக்கிழமை கருப்பாயூரணியில் ஒரு கிணற்று வேலை. தண்ணீர் 40 அடியில் நிற்கிறது. உவர்மண் தம்பி வரட்டும். மேலே மோட்டாரை வைத்து இழுத்துக் காட்டட்டும், நான் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன்.

உவர்மண்
40 அடியில் நின்றால் எனக்கும் வராது. அதைத்தான் நேற்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிணத்துமோட்டார்
வராதுல்ல? சரி.