கடைசி வரிக்கு என்ன பேர்: லாபமா, ஊதியமா, கைநிற்பா?

ஈரோடு, பயிற்சி வகுப்பு நடத்துபவர்

எல்லாருக்கும் வணக்கம். பெருந்துறைப் பக்கம் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு ட்ராப்ஷிப்பிங் வகுப்பு எடுக்கிறேன். சரக்கை நாம் வாங்கி அடுக்குவதில்லை. ஆர்டர் வந்ததும் சப்ளையரே நேராக அனுப்பிவிடுவார். வெள்ளிக்கிழமை கணக்குத்தாள் அச்சுக்குப் போகிறது. அதில் கடைசி வரிக்கு ஒரு பேர் வேண்டும்.

"லாபம்" என்று போட்டிருந்தேன், அதுதான் வினையாகிவிட்டது. ஒரு பெட்ஷீட்டை 699 ரூபாய்க்கு விற்கிறார்கள். சப்ளையருக்கு 320, கூரியருக்கு 75, விளம்பரத்துக்கு 120, தளக் கட்டணம் 2 விழுக்காடு, அதாவது 14. எல்லாம் போக 170. "லாபம் 170" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். திரும்பி வரும் சரக்கு அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். திரும்பி வருவதற்கும் ஒரு சொல் வேண்டும். கூரியர்காரர்கள் அதை ஆர்டிஓ, அதாவது ரிட்டர்ன் டு ஆரிஜின் என்பார்கள். ஆர்டிஓ என்றதும் ஒரு அம்மா லைசென்ஸ் எடுக்கும் ஆபீசைத்தான் நினைத்தார்.

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மிணி, சொல் ஏற்கனவே இருக்கிறது. 461ஆம் குறளைப் பாருங்கள். அழிவது, ஆவது, ஆகி வழிபயக்கும் ஊதியம். செலவு, வரவு, கடைசியில் கைக்கு வருவது என்று உங்கள் தாளின் மூன்று பகுதியும் அதே வரிசையில் நிற்கின்றன. ஊதுதல் என்றால் பருத்தல். போட்ட முதல் பருப்பதால்தான் ஊதியம் என்பது என் கருத்து. 449இலும் 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்றுதான் வருகிறது. வணிகர் வாயிலிருந்த சொல் எப்படியோ சம்பளக்காரர் கைக்குப் போய்விட்டது. திரும்ப வாங்கிக்கொள்வோம்.

சென்னிமலை

அய்யா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் குழுப் பெண்கள் ஊதியம் என்று பார்த்தால் தங்கள் கூலி என்று நினைப்பார்கள். அப்புறம், அக்கா, இதற்கு இத்தனை தூரம் போக வேண்டுமா? நூற்றுக்கு 25 திரும்பினால், திரும்பும் கூரியர் 60 ரூபாய் வீதம் 1,500. நூறு ஆர்டருக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்கு 15. 170இல் 15 போனால் 155. அதையே லாபம் என்று போடலாம்.

திருப்பூர், ஆர்டர் அனுப்பும் வேலையில் இருப்பவர்

தம்பி, திரும்பும் கூரியர் வெறும் வால்தான். திரும்பிய 25 ஆர்டருக்கும் விளம்பரக் காசு போயாச்சு, போகும் கூரியரும் போயாச்சு. வருமானம் மட்டும் வரவில்லை. எப்போதும் நூறாகப் போட்டுப் பாருங்கள்.

75 சேர்ந்தது, வரவு 52,425. சப்ளையர் திரும்பிய சரக்கை எடுத்துக்கொள்கிறார் என்றே வைப்போம். ஆனால் ஐந்து கவர் கிழிந்து, அழுக்காகி வரும். அதை எடுக்க மாட்டார். ஆக 80 பெட்ஷீட்டுக்கு 25,600. போகும் கூரியர் நூறுக்கும் 7,500, திரும்பியது 1,500, விளம்பரம் நூறுக்கும் 12,000, தளக் கட்டணம் 75க்கு 1,050. மொத்தம் 47,650. மிஞ்சுவது 4,775. சேர்ந்த ஆர்டர் ஒன்றுக்கு 64 ரூபாய்கூட முழுசாக இல்லை. 155க்கும் 64க்கும் நடுவில்தான் ஆட்கள் முழுகிப் போகிறார்கள். அதே கணக்கில் 25க்குப் பதில் 35 திரும்பினால் (அதில் ஏழு வீண்) 115 ரூபாய் கைநட்டம்.

அதனால் பேர் வைக்கும் முன் எந்த ஆர்டருக்கு என்று முடிவு செய்யுங்கள். அனுப்பியதற்கா, சேர்ந்ததற்கா? எங்கள் பக்கம் கேட்பது "எத்தனைங்க நிக்குது?" என்றுதான். கைநிற்பு என்று வைக்கலாமே.

பவானி

நான் ஜமக்காளம் விற்கிறேன். எனக்குத் திரும்புவதை விட எடைதான் அடி. மூன்று கிலோ ஜமக்காளத்தை 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தேன். மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து 4.8 கிலோ என்று பில் வந்தது. ஐந்து கிலோ கட்டணம் கட்டினேன். பெட்டியை விட்டு இறுக்கமாகச் சுருட்டி அனுப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. இதற்கும் ஒரு தமிழ்ச்சொல் சொல்லுங்கள், பருமன் எடை சரியா?

கோபி

பருமன் எடை நன்று. மற்றதற்கு வருகிறேன். கதவு வரை போய் வாங்க ஆளில்லாமல் சரக்கு தானே வருவது *திரும்பல்*. வாங்கிப் பிரித்துப் பார்த்து, பிடிக்காமல் வாடிக்கையாளர் அனுப்புவது *திருப்பல்*. திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. மெல்லெழுத்து வல்லெழுத்தானதும் செய்பவர் வந்துவிடுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

திருப்பூர்

அய்யா, இது இலக்கணம் மட்டும் இல்லீங்க, கணக்கிலும் இரண்டும் வேறுவேறு. திரும்பல் பெரும்பாலும் முத்திரை பிரியாமல் வரும், சப்ளையர் எடுத்துக்கொள்வார். திருப்பலில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பிரித்த சரக்கைச் சப்ளையர் எடுக்க யோசிப்பார். இரண்டையும் ஒரே வரியில் போட்டால் எது ஓட்டை என்றே தெரியாது.

கரூர்

மன்னிக்கணும். குடோனில் சத்தத்தில் "திரும்பலா, திருப்பலா" என்று கேட்டால் பையன் எதை எழுதுவான்? ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ரிட்டர்ன், மார்ஜின் என்றால் கேட்டவுடன் புரிகிறது. வாங்காமல் வந்தது, வாங்கி அனுப்பியது என்று நீட்டி எழுதினாலும் போதும். கைநிற்பு என்றால் எங்கள் ஊரில் தறி நின்றுபோனதாக நினைப்பார்கள்.

சென்னிமலை

சரி அண்ணா, 64 போதாது. 100 நிற்க விலை என்ன வைப்பது?

திருப்பூர்

தளக் கட்டணம் தவிர்த்த செலவு 46,600. சேர்ந்த 75க்கு நூறு வீதம் 7,500 வேண்டும். கூட்டி 75ஆல் வகுத்தால் 721 சொச்சம். தளம் விலையில் 2 விழுக்காடு எடுப்பதால் 0.98ஆல் வகுக்க வேண்டும். 736 வருகிறது, 739 வைக்கலாம். ஆனால் விலை ஏறினால் வாங்குவோர் குறைவார்கள், ஒரு ஆர்டரைப் பிடிக்கும் விளம்பரக் காசு கூடும். 120 என்பது 150 ஆனாலே நூறு ஆர்டருக்கு 3,000, சேர்ந்ததற்குத் தலா 40. ஏற்றிய நாற்பதும் அங்கேயே போச்சு. அதனால் ஏற்றிய பிறகு விளம்பரக் காசைத்தான் முதலில் பாருங்கள்.

இன்னொன்று, முதல் பத்து நாள் கணக்கை நம்பாதீர்கள். சேர்ந்தது முதலில் தெரியும், திரும்பல் இரண்டு மூன்று வாரம் கழித்து வந்து சேரும். ஆர்டர் எடுத்த தேதி வாரியாகக் கட்டுக் கட்டாகப் பிரித்து, அந்தக் கட்டு முழுக்க முடிந்த பிறகே கடைசி வரியை எழுத வேண்டும்.

ஈரோடு

நாளைக்கு அச்சு. தாளில் "சேர்ந்த ஆர்டர் ஒன்றுக்குக் கைநிற்பு" என்று போடுகிறேன். திரும்பல், திருப்பல் இரண்டும் தனி வரி. கரூர் அண்ணன் சொன்னதற்காக எதிரில் "வாங்காமல்", "வாங்கிய பின்" என்று எழுதியிருக்கிறேன். லாபம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

கோபி

போடுங்கள் அம்மிணி. ஆனால் நிற்பு என்பது நிற்கும் செயல்தான், நின்ற பொருளை அது குறிக்காது. ஊதியத்தை நான் விடுவதாக இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுகிறேன்.

கரூர்

எங்கள் பில் புத்தகத்தில் மார்ஜின் என்றே இருக்கும்.