சலவைக்கடைச் சீட்டுக் கேள்வி: அடிப்படை மீறல் என்றால் விலக்குப் பிரிவு செல்லாதுதானே?

கடைசி பெஞ்ச்: நாளை காலை தேர்வு, அவசரம். சலவைக்கடையில் கொடுத்த 12,000 ரூபாய்ப் பட்டுச்சேலை தொலைந்துவிட்டது. தொலைந்தால் விலையில் பத்தில் ஒரு பங்கே தரப்படும் என்று சீட்டில் அச்சாகியிருக்கிறது. தொலைத்தது அடிப்படை மீறல், ஆகவே கடையின் பொறுப்பைக் குறைக்கும் அந்த விலக்குப் பிரிவு தானாகவே விழுந்துவிடும் என்று எழுதினேன். ஆசிரியர் பூஜ்யம் போட்டார். ஏன்?

வைகை: எந்த நாட்டுச் சட்டம்? சீட்டில் கையெழுத்து உண்டா? சேலையை வாங்கியபோதே சீட்டைக் கொடுத்தார்களா?

தேநீர்: ஆசிரியர்தான் தவறு. ஓடாத காரை இரவில் இழுத்துவந்து வாசலில் விட்டுப்போன கார்சேல்ஸ் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் 1956-லேயே இதை முடித்துவிட்டார். ஒப்பந்தத்தின் வேரை அறுத்தவர் விலக்குப் பிரிவுக்குள் ஒளிய முடியாது.

மூத்த வக்கீல்: உங்கள் நாட்காட்டியை யாரும் கிழிப்பதில்லை போலும். 1980-ஐப் படித்துவிட்டு வாருங்கள். இந்தத் தலைமுறை வழிகாட்டி நூலோடு நின்றுவிடுகிறது.

தேநீர்: டென்னிங்கைப் படித்ததால்தான் பேசுகிறேன். பாமரனுக்காக நின்ற நீதிபதி அவர் ஒருவர்தான்.

மூத்த வக்கீல்: அவருடைய தீர்ப்பைத்தான் மேலே புரட்டிப்போட்டார்கள்.

வைகை: சண்டை பிறகு. 1980 என்பது போட்டோ புரொடக்‌ஷன் வழக்கு. செக்யூரிகார் என்ற காவல் நிறுவனம் அனுப்பிய இரவுக் காவலரே தொழிற்சாலைக்குள் தீ மூட்டினார். இழப்பு 6,15,000 பவுண்டு. அப்படியும் இங்கிலாந்தின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் செக்யூரிகாரே வென்றது. மீறல் எவ்வளவு பெரியது என்று பார்க்கவில்லை. நடந்ததைப் பிரிவின் சொற்கள் தொடுகின்றனவா என்றே பார்த்தார்கள். உங்கள் சீட்டு "தொலைந்தால்" என்றே சொல்கிறது, அதனால் "தானாகவே விழும்" என்ற வாதம் நிற்காது.

இந்தியச் சட்டம் என்றால் வேறு வழி இருக்கிறது. லில்லி ஒயிட் எதிர் முனுசாமி, சென்னை உயர் நீதிமன்றம், 1966 தொகுப்பு. சேலை 220 ரூபாய், சீட்டில் 15 விழுக்காடு, அதாவது 33 ரூபாய். இதை ஏற்றால் கடைக்காரர் 33 ரூபாய்க்குப் புதுச்சேலையைத் தனதாக்கிக்கொள்ளலாம். நேர்மையின்மைக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். பொதுக்கொள்கைக்கு முரண் என்று அந்த நிபந்தனையை ஒதுக்கினார்கள். அதை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவோடு சேர்த்து எழுதுங்கள்.

ஊர்சுற்றி: என் பார்சலைத் தொலைத்த கூரியர் கடை நூறு ரூபாய் நீட்டியது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். சேலை வழக்கைக் காட்டி மீதியைக் கேட்கலாமா?

வைகை: கேட்கலாம், ஆனால் கடினம். 1996-இல் பாரதி நிட்டிங் வழக்கில், கையெழுத்திட்ட கூரியர் சீட்டின் 100 டாலர் வரம்பை உச்ச நீதிமன்றம் ஏற்றது. கையெழுத்தைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான்.

கடைசி பெஞ்ச்: இந்தியாதான். கையெழுத்து இல்லை, சீட்டு அப்போதே கொடுத்தார்கள். திருத்தி எழுதுகிறேன், நன்றி.

தேநீர்: சரி, சீட்டில் 50 விழுக்காடு என்றிருந்தால்? அப்போதும் பொதுக்கொள்கை வருமா?

மூத்த வக்கீல்: வராது.

வைகை: அவ்வளவு உறுதியாக நான் சொல்லமாட்டேன். பாதி விலைக்குச் சேலை கிடைத்தாலும் கடைக்காரருக்கு லாபம்தானே?