பிரெஞ்சில் சி, காந்த்: "வந்தால்" எதோடு சேரும்?

தமிழ் வழியாகப் பிரெஞ்சு கற்பிப்பவர்களிடம் ஒரு சந்தேகம்.

"அவன் வந்தால் கிளம்புவேன்" என்பது நிபந்தனை. சி-க்குப் பின் நிகழ்காலம்தான் வரும்: "சில் வியாங், ழ பார்திரே". அங்கே "வியாந்த்ரா" போட்டால் பிழை. "அவன் வரும்போது கிளம்புவேன்" என்றால் "காந்த் இல் வியாந்த்ரா, ழ பார்திரே", இரு பக்கமும் எதிர்காலம். "வரும்" என்பதும் எதிர்கால எச்சமே என்று காட்டினால் இது சட்டென்று பிடிபடுகிறது.

இடறுவது "விடிந்தால் பரீட்சை" மாதிரி வாக்கியங்களில். விகுதி -ஆல் என்பதால் மாணவர்கள் சி போடுகிறார்கள். விடிவதோ நிச்சயம்; அங்கே காந்த்தும் எதிர்காலமும்தான் சரி. "ஒருவேளை" சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். "ஒருவேளை விடிந்தால்" என்பது அபத்தம், ஆகவே காந்த். ஆனால் "மழை நின்றால் போவோம்" என்பதில் இரண்டுமே பொருந்துகிறதே! சொல்பவர் மனதைப் பொறுத்தது என்பதைத் தவிர, தொடக்க நிலைக்கு ஏற்ற வேறு சோதனை உண்டா?

இன்னொன்று: "வருவானா என்று தெரியாது" என்பதில் சி-க்குப் பின் எதிர்காலம் சரியே ("ழ ந சே பா சில் வியாந்த்ரா"). இந்த -ஆ வினாவை நிபந்தனையோடு சேர்த்தே நடத்துகிறீர்களா, பிறகா?